கூறைப்புடவையில் விழுந்த பட்டை: ஓர் ஓஎல்இடி டிவியின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டில் 2021 தீபாவளிக்கு 55 அங்குல ஓஎல்இடி டிவி வாங்கினார்கள். 2024 டிசம்பரில் தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோளாறு கண்ணில் பட்டது. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில் பெண் மணமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். புடவையின் குறுக்கே, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு விளிம்பு. அதற்கு மேலே நல்ல சிவப்பு. கீழே அதே சிவப்பு கொஞ்சம் மங்கிப் பழுப்பேறிய மாதிரி. கேமரா நகர்ந்தது, புடவையும் நகர்ந்தது, விளிம்பு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

"வீடியோக்காரர் லைட்டு சரியா வைக்கலையோ?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, கோடு நகரவே இல்ல பாருங்க. கோளாறு வீடியோவில இல்ல, திரையில இருக்கு" என்று ரிமோட்டை வாங்கி மெனுவைத் திறந்தேன். மெனுவின் சிவப்புப் பட்டன் மேலும் அதே விளிம்பு ஓடியது. மெனுவை டிவியே தயாரித்துக் காட்டுகிறது. செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ், கேபிள் எதற்கும் அதில் பங்கில்லை. ஆகவே பழுது பேனலில்தான்.

அந்த விளிம்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. காலை ஆறு மணிக்குச் செய்திச் சேனல் போட்டால் இரவு சாப்பாடு வரை பெரும்பாலும் அதுதான் ஓடும். திரையின் அடியில் சிவப்புப் பட்டை, அதற்கு மேல் மஞ்சளில் ஒரு வரி, இடது ஓரத்தில் அசையாத ஒரு பெட்டி, மேலே வலது மூலையில் சேனலின் லோகோ. பட்டைக்குள் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவை தனித்தனியாகப் பதியவில்லை. அசையாமல் நின்ற நிறம்தான் பதிந்திருந்தது.

நிழல் இரண்டு வகை

திரையில் பழைய படத்தின் நிழல் தெரிந்தால் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘பர்ன்-இன்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றுபோலத் தெரிகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் பார்க்க முடியாது.

முதலாவது தற்காலிக நிழல். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. பிக்சலுக்குள் நிறத்துக்கு ஒன்றாகத் துணைப் பிக்சல்கள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெல்லிய டிரான்சிஸ்டர் ஒன்று மின்னோட்டத்தை அளந்து கொடுக்கிறது. ஒரே படம் நெடுநேரம் நின்றால் அந்த டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் சிக்கிக்கொள்ளும், அது திறக்க வேண்டிய மின்னழுத்தம் சற்று நகர்ந்துவிடும். அந்த இடத்தின் சூடும் கூட ஏறியிருக்கும். அதனால் அந்தப் பிக்சல் கொஞ்ச நேரத்துக்குத் தவறான அளவில் எரியும். வேறு படம் ஓடினாலோ, டிவி சிறிது நேரம் அணைந்திருந்தாலோ இது தானாகக் கலையும். கலையாமல் தங்கிவிடுவதை டிவி தானே அளந்து சரிசெய்துகொள்ளும். அந்த வேலையைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இந்த வீட்டுக் கதையே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது நிரந்தரமானது. ஒளி தரும் கரிமப் பொருளே எரிய எரியத் திறன் குறைகிறது. அதே மின்னோட்டத்துக்கு முன்பு தந்த ஒளியை இப்போது தராது. பர்ன்-இன் என்ற பேரைக் கேட்டால் படம் திரையில் சுட்டுப் பதிந்த மாதிரித் தோன்றும். நடப்பது வேறு. பட்டை இருந்த இடம் அதிகம் உழைத்துச் சோர்ந்திருக்கிறது, சுற்றியிருக்கும் இடம் இன்னும் இளமையாக இருக்கிறது. திரை முழுக்க ஒரே சீராகப் பத்து சதவீதம் மங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில், கூர்மையான விளிம்போடு, ஓரிரு சதவீத வித்தியாசம் இருந்தாலே கண் பிடித்துவிடும்.

ஆறு படங்கள், ஒரு பென் டிரைவ்

மறுநாள் மடிக்கணினியில் ஒரே நிறம் நிரம்பிய படங்களைத் தயாரித்தேன். இமேஜ்மேஜிக் என்ற நிரல் இருந்தால் ஒரு படத்துக்கு ஒரு வரி போதும்:

```
magick -size 3840x2160 xc:'#FF0000' red.png
magick -size 3840x2160 xc:'#00FF00' green.png
magick -size 3840x2160 xc:'#0000FF' blue.png
magick -size 3840x2160 xc:'#FFFFFF' white.png
magick -size 3840x2160 xc:'#808080' grey50.png
magick -size 3840x2160 xc:'#0D0D0D' grey5.png
```

ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

கடைசிப் படமான கரும் சாம்பலில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் தெரிந்தன. சித்தி பதறிப்போனார். அவை பழுது இல்லை. புதுப் பேனலிலேயே இருக்கக்கூடிய உற்பத்திச் சீரின்மை. பர்ன்-இன் என்றால் அதற்கு நாம் பார்த்துப் பழகிய ஒரு வடிவம் இருக்க வேண்டும்: லோகோ, பட்டை, பெட்டி. வடிவமில்லாத செங்குத்து வரிகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

வெள்ளையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீலத்தில் லோகோவின் சுவடு மட்டும் லேசாக. பச்சையில் மஞ்சள் வரி இருந்த இடம், உற்றுப் பார்த்தால், ஒரு மயிரிழை மங்கல். சிவப்பைப் போட்டதும் சித்தப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அடிப்பட்டை முழுசாக, ஓரத்துப் பெட்டி, லோகோவின் கட்டம் எல்லாமே இருண்டு தெரிந்தன.

ஏன் சிவப்பில் மட்டும் இப்படி? இந்த டிவியில் இருப்பது வெள்ளை ஓஎல்இடி பேனல். பல நிறுவனங்கள் இதே வகைப் பேனலை வாங்கித்தான் போடுகின்றன. எல்லாத் துணைப் பிக்சல்களுமே அடியில் வெள்ளையாகத்தான் எரிகின்றன, மேலே போட்ட வடிகட்டிதான் நிறத்தைப் பிரிக்கிறது. வடிகட்டி இல்லாத வெள்ளைத் துணைப் பிக்சல் நான்காவதாக ஒன்று உண்டு. திரையில் வெள்ளையோ வெளிறிய நிறமோ வரும்போது சுமையில் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. சுத்தச் சிவப்பு வரும்போது அதனால் உதவ முடியாது. சிவப்பு வடிகட்டி வெள்ளையில் கொஞ்சத்தைத்தான் வெளியே விடும் என்பதால், அந்தத் துணைப் பிக்சலைக் கடுமையாக ஓட்டினால்தான் போதிய பிரகாசம் கிடைக்கும். அதனால் சிவப்பு முதலில் களைத்துப்போகிறது. வெள்ளைத் திரையில் சிவப்பின் பங்கு சிறியது என்பதால் அங்கே பழுது ஒளிந்துகொள்கிறது. வெள்ளையை மட்டும் போட்டுப் பார்த்து ‘திரை நன்றாக இருக்கிறது’ என்று பழைய ஓஎல்இடி டிவியை வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளக்கக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. கைபேசியை முக்காலியில் வைத்து, எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி, சிவப்புத் திரையைப் படம் எடுத்தேன். படத்தில் பட்டைக்குள் சிவப்பின் மதிப்பு சராசரியாக 171, பட்டைக்கு மேலே 182. இந்த எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்காது என்பதால் விகிதத்தை 2.2 அடுக்குக்கு ஏற்ற வேண்டும்:

```
(171/182)^2.2 = 0.87
```

சுமார் 13 சதவீதம் குறைவு. கைபேசி கேமரா தன் இஷ்டத்துக்குப் படத்தைத் திருத்தும் என்பதால் இதைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே கைபேசி, அதே பூட்டு, அதே தூரம் என்று பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

சுவிட்ச்போர்டில் இருந்த காரணம்

டிவியின் தகவல் பக்கத்தில் மொத்த ஓட்ட நேரம் 9,140 மணி என்று இருந்தது. ஒரு நாளுக்கு எட்டு மணிக்குச் சற்று மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆர்டிங்ஸ் சோதனை நினைவுக்கு வந்தது. கனடாவைச் சேர்ந்த அந்த மதிப்பாய்வுத் தளம் 2018ல் தொடங்கி, 2017ல் வந்த எல்ஜி சி7 ஓஎல்இடி டிவிகள் ஆறை ஒரே நேரத்தில் ஓட்டியது. ஐந்து மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு, இப்படி நாளுக்கு நான்கு சுற்று. இரண்டு டிவிகளில் சிஎன்என் செய்தி; அவற்றில் ஒன்று முழுப் பிரகாசத்தில், மற்றொன்று குறைத்து. மற்றவற்றில் கால்பந்து ஒளிபரப்பு, பொதுச் சேனல், ஃபிஃபா 18, கால் ஆஃப் ட்யூட்டி ஆகிய வீடியோ விளையாட்டுகள். செய்தி ஓடிய டிவிகளில் நிழல் சீக்கிரமே வந்து நிலைத்தது. 2019 மே மாதம் 9,000 மணி தாண்டியபோது கால்பந்திலும் ஃபிஃபாவிலும் சீரின்மை தெரிந்தது, பொதுச் சேனலில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கால் ஆஃப் ட்யூட்டி ஓடிய டிவியில் அதே மணிநேரத்துக்குப் பிறகும் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மணிக்கணக்கு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்தப் படம் எங்கே நின்றது என்பதுதான் முடிவை மாற்றியது. அந்த 2017 பேனலுக்கு அடுத்த ஆண்டு வந்த மாடல்களில் எல்ஜி சிவப்புத் துணைப் பிக்சலைப் பெரிதாக்கியது. பரப்பு கூடினால் அதே ஒளிக்கு அடர்த்தி குறைந்த மின்னோட்டம் போதும். சித்தப்பாவின் பெட்டி அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது. அப்படியிருந்தும் இவ்வளவு தெளிவான பட்டை என்பது எனக்கு உறுத்தியது.

அப்புறம்தான் இரவு பத்து மணிக்குச் சித்தப்பா டிவியை அணைப்பதைப் பார்த்தேன். ரிமோட்டில் ஒரு அழுத்து. திரை இருண்டதும் எழுந்து போய் சுவிட்ச்போர்டில் டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டு சுவிட்சையும் தட்டிவிட்டார்.

"தினமும் இப்படித்தானா சித்தப்பா?"

"பின்ன? இடி மின்னல்னா என்ன பண்றது? கரண்டும் வீண்தானே?"

காரணம் அங்கே இருந்தது. ஓஎல்இடி டிவி அணைந்த பிறகுதான் தன் உடம்பைச் சோதித்துக்கொள்கிறது. மொத்தமாக நான்கு மணி நேரம் ஓடியிருந்தால், அடுத்த முறை ரிமோட்டில் அணைத்ததும் சில நிமிடங்களுக்கு ஒரு குறுஞ்சுற்று நடக்கும். திரை இருண்டே இருக்கும், உள்ளே டிரான்சிஸ்டர்களின் நகர்வை அளந்து அதற்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும். சில பெட்டிகளில் அந்த நேரத்தில் ரிலே ‘டிக்’ என்று ஒலிப்பது கேட்கும். இது தவிர ஏறத்தாழ 2,000 மணிக்கு ஒருமுறை நெடுஞ்சுற்று ஒன்று உண்டு. அது ஒரு மணி நேரம் பிடிக்கும், கரிமப் பொருளின் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்துப் பலவீனமானவற்றுக்கு மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுக்கும். இரண்டுக்கும் சுவரில் மின்சாரம் வேண்டும். இங்கே மூன்று வருஷமாக, ரிமோட்டை அழுத்திய அரை நிமிடத்தில் மின்சாரம் போயிருக்கிறது. குறுஞ்சுற்று ஆயிரம் முறைக்கு மேல் தவறியிருக்கும். நெடுஞ்சுற்று நான்கு முறை வந்திருக்க வேண்டும். திரையில் ஏதோ அறிவிப்பு வந்ததாகவும், புரியாமல் மூடிவிட்டதாகவும் சித்தி சொன்னார்.

மின்சாரக் கவலைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். காத்திருப்பு நிலையில் அரை வாட் என்று வைத்தால் வருஷம் முழுக்க நான்கரை யூனிட்டைத் தாண்டாது. இடி பயம் நியாயமானது. அதற்குக் கணக்கு பதில் சொல்லாது. இடி வரும் நாளில் சுவிட்சை மட்டுமல்ல, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், மற்ற நாளில் தொடாதீர்கள் என்று முடிவு செய்தோம்.

என்ன செய்தோம், எது திரும்பியது

முதல் வாரம் வேறு எதையும் மாற்றவில்லை. இரவில் ரிமோட்டில் மட்டும் அணைத்தார்கள், அவ்வளவுதான். எட்டாவது நாள் மெனுவில் இருந்த நெடுஞ்சுற்றைக் கையால் ஒருமுறை ஓட்டினேன். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும். Pixel Refresher, Pixel Cleaning, Panel Refresh என்று ஏதாவது ஒன்று இருக்கும். பாதியில் மின்சாரம் போகக் கூடாது என்பதால் இரவு பதினொரு மணிக்கு மேல் போட்டேன்.

மறுநாள் அதே முக்காலி, அதே பூட்டு. பட்டைக்குள் 176, வெளியே 182. கணக்கில் 7 சதவீதம் குறைவு. அதாவது நாங்கள் பார்த்த நிழலில் ஏறக்குறைய பாதி, திருத்தப்படாமல் சேர்ந்துபோன பிழை. மீதிப் பாதி திருத்தத்துக்கு அடங்காத தேய்மானம். புடவைக் காட்சியை மறுபடி போட்டோம். விளிம்பு தெரிந்தது, ஆனால் தேடினால்தான்.

அடுத்த மாதமே இன்னொரு முறை ஓட்டலாமே என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றேன். நெடுஞ்சுற்று எதையும் இளமையாக்குவதில்லை. சோர்ந்த பிக்சலுக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து மற்றவற்றோடு சமமாக நிறுத்துகிறது. கூடுதல் மின்னோட்டம் என்றால் அந்த இடம் இனி இன்னும் வேகமாகத் தேயும். கூட்டிக் கொடுக்கவும் ஓர் எல்லை உண்டு. தானாக வரும்போது வரட்டும்.

நிழலின் எதிர்ப்படத்தை நாள்கணக்கில் ஓடவிட்டுச் சமப்படுத்தலாம் என்று ஒரு யோசனை நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொள்கையளவில் அது வேலை செய்யும், ஆனால் எப்படி என்று பாருங்கள்: நன்றாக இருக்கும் பகுதிகளை எல்லாம் பட்டையின் அளவுக்குத் தேய்த்துத் தள்ள வேண்டும். ஒரு சட்டையில் முழங்கை வெளுத்தால் மொத்தச் சட்டையையும் வெயிலில் போட்டு வெளுக்க வைப்பது போலத்தான். மினுமினுக்கும் வண்ண வீடியோக்கள் தற்காலிக நிழலைக் கலைக்கலாம், அந்த நிழல் சும்மா விட்டாலே கலைந்திருக்கும். நிரந்தரத் தேய்மானத்தில் அவற்றால் ஒன்றும் ஆகாது.

பேனலை மாற்றுவது பற்றியும் விசாரித்தோம். பெரும்பாலான உத்தரவாதங்கள் பர்ன்-இன்னைச் சேர்ப்பதில்லை, சேவை மையம் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் புது டிவியே வந்துவிடும்.

தேய்மானத்தை மெதுவாக்கியவை

நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். அதில் எடை மிகுந்தது பிரகாசம். கடையில் இருந்து வந்த நாள் முதல் டிவி Vivid அமைப்பில், ஒளி அளவு 100ல் இருந்தது. ஓஎல்இடியின் தேய்மானம் பிரகாசத்துக்கு நேராக ஏறுவதில்லை, அதன் 1.5 முதல் 2 அடுக்கு வரை ஏறும். ஒளியைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய மூன்றில் இருந்து நான்கு மடங்குவரை நீளும். வேறு எந்தப் பழக்கமும் இந்த அளவுக்குப் பலன் தராது. Cinema அமைப்புக்கு மாற்றி, பகலுக்கு 55, இரவுக்கு 40 என்று வைத்தேன். முதல் இரண்டு நாள் சித்தப்பாவுக்கு டிவி மங்கலாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் பேச்சில்லை. பகலில் எதிர் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டதும் அதற்குக் கை கொடுத்தது.

லோகோவைக் கண்டறிந்து மங்க வைக்கும் வசதியை உச்சத்தில் வைத்தேன். படத்தைச் சில பிக்சல் தூரம் நகர்த்தும் வசதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வேலை விளிம்பைக் கூர்மையாக விடாமல் இழைத்துவிடுவது. திரையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள சிவப்புப் பட்டையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சூடும் ஒரு காரணம். டிவி சுவர் மாடத்துக்குள், பின்னால் விரல்கூட நுழையாத இடுக்கில் இருந்தது. மாலையில் மேல்விளிம்பில் கை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். சூட்டில் கரிமப் பொருள் வேகமாகச் சிதையும். மாடத்துக்கு வெளியே ஒரு மேசையில், சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் விட்டு வைத்தோம்.

செய்தியை என்ன செய்வது என்பதுதான் கடைசிவரை இழுத்தது. அவருடைய நாளே செய்தியோடுதான் ஓடுகிறது. அதை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை, தேவையும் இல்லை. பரணில் இருந்த பழைய 32 அங்குல எல்சிடியை இறக்கி முன்னறையில் மாட்டினோம். எல்சிடியில் ஒளி பின்னால் இருக்கும் விளக்கில் இருந்து வருகிறது, பிக்சல் தானாக எரிவதில்லை, ஆகவே இந்த வகைத் தேய்மானம் அதற்கு இல்லை. காலைச் செய்தி முழுக்க அங்கே போனது. ஓஎல்இடியில் சினிமா, கிரிக்கெட், இரவுச் செய்தி ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியிலும் இரண்டு மூன்று சேனல் மாற்றிப் பார்க்கிறார். சேனலுக்குச் சேனல் பட்டையின் உயரமும் நிறமும் வேறு என்பதால் சுமை ஒரே இடத்தில் விழாது.

கைபேசிக் கதை கொஞ்சம் வேறு. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிப் பொருளே எரிகிறது, முதலில் சோர்வது நீலம். அதனால்தான் நாள் முழுக்க வழிகாட்டிச் செயலி ஓடும் கைபேசிகளில் வெள்ளைப் பின்னணி போட்டால் மேல்பட்டை, கீழ்ப்பட்டை இருந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறது. அங்கே சோதனைக்குச் சிவப்பைவிட நீலமும் சாம்பலும் ஏற்றவை. கறுப்புப் பின்னணி அமைப்பு நிச்சயம் உதவும், எரியாத பிக்சல் தேயாது. ஆனால் கறுப்புக்கு நடுவே ஒரே இடத்தில் முழுப் பிரகாசத்தில் நிற்கும் வெள்ளைப் பொத்தான் இருந்தால் வித்தியாசம் அங்கே கூடத்தான் செய்யும். பிரகாசத்தைக் குறைப்பதும், திரை அணையும் நேரத்தை அரை நிமிடமாக வைப்பதும் அங்கேயும் முதலில் செய்ய வேண்டியவை.

2025 ஜூலையில் மறுபடி போனபோது மொத்த நேரம் 10,060 மணி. நாளுக்கு ஏறக்குறைய நாலரை மணி. சிவப்புப் படத்தைப் போட்டு அதே மாதிரி எடுத்தேன்: பட்டைக்குள் 176, வெளியே 182. ஏழு மாதத்தில் என் கேமராவுக்குத் தெரிகிற அளவுக்கு வித்தியாசம் கூடவில்லை. சுவிட்ச்போர்டில் டிவி சுவிட்சின் மேல் சித்தி ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ‘இடி இடிச்சா மட்டும்’ என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார்.